கொழும்பில் கழிக்கிற 18 லாப்டொப்: மாணவருக்குக் கொடுக்க முன் எதைப் பார்ப்பது, எதற்கு வொறன்டி எழுதுவது?

#1 வடமராட்சியான்

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் ஆண்டுப் பழைய மாணவர்கள் சேர்ந்து, லாப்டொப் வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்குப் பழையவற்றைத் திருத்திக் கொடுப்பதாக முடிவெடுத்திருக்கிறோம். பட்டியலில் 14 பேர். பாதிப் பேர் இந்த வருடம் கம்பஸ் போகிறவர்கள், மற்றவர்கள் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள். மூன்று பேர் மருதங்கேணிப் பக்கம், ஒரு பிள்ளை நெடுந்தீவு.

கொழும்பில் ஒரு அலுவலகம் தன் பழைய லாப்டொப்களைக் கழிக்கிறது. 18 இருக்கிறது. எல்லாம் திங்க்பேட், டி470 உம் டி480 உம் கலந்து. டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஒன்று 42,000 ரூபா சொல்கிறார்கள். வாங்கினால் திருப்பி எடுக்கமாட்டார்கள். போய்ப் பார்க்க ஒரு பின்னேரம் தருவார்களாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. அந்த ஒரு பின்னேரத்தில் எதைப் பார்ப்பது? பிள்ளைகளிடம் கொடுக்கும்போது வொறன்டி என்று எதை எழுதிக் கொடுக்கலாம்? நாங்கள் கடை இல்லை. ஆனாலும் “தந்தார்கள், பழுதாகிப் போச்சு, கேட்க ஆள் இல்லை” என்ற கதை வரக்கூடாது.

#2 திருத்துக்கடை

தம்பி, முதலில் எத்தனை டி470, எத்தனை டி480 என்று கேளுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஒரே விலை கொடுக்கிற பொருள்கள் இல்லை. வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. வின்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். டி470 ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை. டி480 பெரும்பாலும் எட்டு, ஆனால் அதிலும் சில ஏழாம் தலைமுறையோடு வந்தன. ஆகவே மூடியில் உள்ள பெயரை நம்பாமல் பயொஸ் திரையில் ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். `i5-8250U`, `i5-8350U` என்று எட்டில் தொடங்கினால் சரி. `i5-7300U` என்றால் அது டி480 உடம்புக்குள் இருக்கிற டி470.

அடுத்தது பூட்டு. ஆபீஸ் லாப்டொப்பில் பழுதை விடப் பூட்டுத்தான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு விதம் இருக்கிறது.

ஒன்று பயொஸ் பாஸ்வேர்ட். லாப்டொப்பைப் போட்டு லெனோவோ எழுத்து வரும்போது `F1` ஐ அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே அந்த அலுவலகத்து ஐ.டி. ஆளைக் கூப்பிட்டு, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருக்கே தெரியாது என்றால் அந்த லாப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மற்றது கண்ணுக்குத் தெரியாதது. பெரிய நிறுவனங்கள் லாப்டொப்பைத் தங்கள் பெயரில் மைக்ரோசொஃப்டிடம் பதிந்து வைத்திருப்பார்கள், ஓட்டோபைலட் என்று. டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது, ஏனென்றால் பதிவு இருப்பது மதர்போர்டின் அடையாளத்தில். நீங்கள் ஊருக்குக் கொண்டு வந்து வின்டோஸ் ப்ரோ போட்டு, வைஃபையில் இணைத்த உடனே அந்த நிறுவனத்தின் பெயரோடு “உங்கள் அலுவலக மின்னஞ்சலைப் போடுங்கள்” என்று வந்து நிற்கும். டிஸ்க் இல்லாமல் விற்கிறதால் அங்கே அதைப் பார்க்கவும் முடியாது. அதனால் வின்டோஸ் ப்ரோ பாதி நிறுவின ஒரு எஸ்.எஸ்.டி.யைக் கையோடு கொண்டு போங்கள், அதாவது நாடு எது, கீபோர்ட் எது என்று கேட்கிற இடம் வரை. இரண்டு மூன்று லாப்டொப்பில் மாற்றி மாற்றிப் போட்டு, போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். ஒன்றில் பெயர் வந்தாலும் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 18 இன் சீரியல் எண்களையும் எழுதிக் கொடுத்து, பதிவை நீக்கிவிட்டோம் என்று மின்னஞ்சல் வாங்கிய பிறகே காசு கொடுங்கள். இதை நீக்க அவர்களால் மட்டும்தான் முடியும்.

#3 ரொறன்ரோ_மச்சான்

ஏன் இவ்வளவு பாடு? பயொஸ் பாஸ்வேர்ட் என்றால் உள்ளே இருக்கிற காசு மாதிரிச் சின்ன பற்றரியைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டுப் போட்டால் அழிந்துவிடும். நான் எத்தனை கொம்பியூட்டருக்குச் செய்திருக்கிறேன். வின்டோஸ் 11 ஐயும் ரூஃபஸ் என்ற மென்பொருளால் ஸ்டிக் அடித்து டி470 இல் போடலாம், என்னிடம் ஒன்று நன்றாக ஓடுகிறது.

இன்னொன்று, கொழும்பில் காசு கொடுத்து வாங்க வேண்டாமே. இங்கே கனடாவில் அலுவலகங்கள் சும்மா கொடுக்கின்றன. ஊருக்கு வருகிற ஆட்களிடம் ஆளுக்கு இரண்டு கொடுத்து விடலாம்.

#4 திருத்துக்கடை

மச்சான், நீங்கள் சொல்கிற பற்றரி வித்தை மேசைக் கொம்பியூட்டரில் சரி. திங்க்பேட்டில் அந்தப் பாஸ்வேர்ட் மதர்போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது, கரண்ட் இல்லாமலே நிற்கும். பற்றரியைக் கழற்றினால் திகதியும் நேரமும்தான் அழியும். லெனோவோவே மதர்போர்டை மாற்று என்றுதான் சொல்கிறது. சிப்பைத் தொட்டு அழிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் வாங்க முன்னமே அந்தச் செலவை ஏன் தலையில் போடுவான்?

ரூஃபஸ் வேலை செய்யும், பொய் இல்லை. மாதாந்த அப்டேட்டும் பெரும்பாலும் வரும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பதிப்பு தானாக வராது, திரும்ப ஸ்டிக் அடித்து ஏற்ற வேண்டும். அதை நெடுந்தீவுப் பிள்ளைக்கு யார் போய்ச் செய்வது? உங்கள் லாப்டொப் உங்கள் கையில் இருக்கிறது, அது வேறு கதை.

கனடாவில் இருந்து வருவது நல்லதுதான். இரண்டு விசயம் கவனியுங்கள். இந்தத் திங்க்பேட்டின் பின்பக்கப் பற்றரி கையால் கழற்றக்கூடியது. அதைத் தனியாகக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு ஏற்றினால் விமானத்தில் விடமாட்டார்கள். தனிப் பற்றரி கையோடு கொண்டு போகிற பையில்தான் வரவேண்டும். அடுத்தது கீபோர்ட். உங்கள் பக்கத்துப் பிரெஞ்சுக் கீபோர்ட் வந்தால் பிள்ளை கேள்விக்குறியைத் தேடி அரைநாள் திரியும். சார்ஜர் பிரச்சினை இல்லை, அது 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கும், சுவருக்குப் போகிற வயரை மட்டும் இங்கே மாற்றினால் போதும்.

#5 நல்லூர்_கேமர்

அண்ணைமார், டி480 இல் வெளி கிராஃபிக்ஸ் கார்ட் பூட்டி கேம் விளையாடலாமா? தண்டர்போல்ட் இருக்கிறதுதானே. பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள்.

#6 மட்டுறுத்துநர்

தம்பி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே மாணவர் லாப்டொப் பற்றி மட்டும்.

#7 அறிவியல்நகர்_பிள்ளை

நான் கிளிநொச்சியில் பொறியியல் பீடம். என் கதையையும் சொல்கிறேன், யாராவது விளக்கம் தந்தால் நல்லது. போன வருடம் ரவுணில் ஒரு கடையில் பாவித்த லாப்டொப் ஒன்று வாங்கினேன். எச்.பி. எலைட்புக் 840, ஜி5. பில்லில் “1 வருட வொறன்டி” என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பற்றரி ஒரு மணித்தியாலம் கொஞ்சம்தான் நிற்கிறது என்று கொண்டு போனால், பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பற்றரிக்கும் சார்ஜருக்கும் வொறன்டி இல்லையாம். அதோடு கொம்பியூட்டரில் ஒரு அறிக்கை எடுத்து, “பற்றரி 82 வீதம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் கூடப் பாவிக்கிறீர்கள்” என்றும் சொன்னார்கள்.

அறிக்கையில் இருந்தது இது: வடிவமைத்த கொள்ளளவு 49,980. இப்போது முழுச் சார்ஜில் 41,200. சார்ஜ் சுற்று 3. ஆனால் சூம் வகுப்பு ஒன்று முடிய முன்னம், 66 வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று அணைகிறது. 82 வீதம் நல்லது என்றால் ஏன் அணைய வேண்டும்?

#8 திருத்துக்கடை

தங்கச்சி, உங்கள் கேள்விதான் இந்த இழைக்கே தேவையான கேள்வி. வடமராட்சியான் தம்பியும் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

அந்த 41,200 ஐ யாரும் அளந்து எழுதவில்லை. பற்றரிக்குள் இருக்கிற சின்னச் சிப் “என்னிடம் இவ்வளவு இருக்கிறது” என்று நினைக்கிற கணக்கு அது. அலகு மில்லிவொட்-மணி. நீங்கள் அணைகிற இடத்தில் 66 வீதம், அதாவது 27,200 மிச்சம் இருப்பதாக அது நினைக்கிறது. அப்படியானால் உண்மையில் உங்களுக்குக் கிடைத்தது 41,200 இல் 27,200 போக 14,000 தான். சூம் ஓடும்போது லாப்டொப் 12 வொட் அளவில் இழுக்கும் என்றால் 14,000 க்கு ஒரு மணி பத்து நிமிடம் வரும். நீங்கள் சொல்கிற நேரத்தோடு பொருந்துகிறதா? புதுப் பற்றரியின் 49,980 ஓடு பார்த்தால் இது 28 வீதம். 82 இல்லை.

காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கிற செல்களில் ஒன்று மற்றவற்றை விட நலிந்திருப்பது. அந்த ஒன்றின் வோல்ட் கீழே விழுந்த உடனே பாதுகாப்புச் சுற்று எல்லாவற்றையும் வெட்டிவிடும். மற்றச் செல்களில் சார்ஜ் இருந்தும் பிரயோசனம் இல்லை.

அந்த “சுற்று 3” ஐயும் பாருங்கள். 2018 இல் வந்த மொடல், அலுவலகத்தில் வருடக்கணக்கில் ஓடியது, மூன்று சுற்றுத்தானா? ஒன்றில் மலிவான மாற்றுப் பற்றரி போட்டிருக்கிறார்கள், அல்லது பழைய செல்லை வைத்து ஒட்டிச் சிப்பின் கணக்கைப் பூச்சியமாக்கியிருக்கிறார்கள். திறந்து பார்க்காமல் எது என்று சொல்லமாட்டேன்.

எல்லோரும் செய்து பார்க்கலாம். வின்டோஸில் கமான்ட் ப்ரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /batteryreport
```

அது ஒரு `battery-report.html` பக்கத்தை எழுதி வைக்கும். மேலே இருக்கிற கொள்ளளவு எண்களோடு நிறுத்தாதீர்கள். முதலில் 100 வரை சார்ஜ் ஏற்றி, வயரைக் கழற்றி, திரை வெளிச்சம் பாதியில் வைத்து, ஒரு வீடியோவைச் சுற்றிச் சுற்றி ஓட விட்டு, தானாக அணையும் வரை விடுங்கள். பிறகு அறிக்கையை எடுத்து `Recent usage` பகுதியைப் பாருங்கள். நேரமும் மிச்சமும் வரிவரியாக இருக்கும். நல்ல பற்றரி படிப்படியாக இறங்கி ஐந்து, ஆறு வீதத்துக்கு வந்து நிற்கும். கெட்டது இடையில் விழும்.

#9 அறிவியல்நகர்_பிள்ளை

நன்றி அண்ணை. நேற்றிரவு செய்து பார்த்தேன். வீடியோ மட்டும் ஓடியதால் கொஞ்சம் கூட நின்றது, ஆனால் 64 இல் விழுந்துவிட்டது. அறிக்கையை அச்செடுத்துக் கடைக்குக் கொண்டு போகப் போகிறேன். தருவார்களோ தெரியாது.

#10 ரீச்சர்_கொக்குவில்

நான் உயர்தரத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். பிள்ளைகளின் பக்கம் நின்று சொல்கிறேன். பாடத்தில் வருகிற பைதன், மைஎஸ்கியூஎல், வலைப்பக்கம் செய்வது, இவற்றுக்கு டி470 தாராளம். மெமரி 8 ஜி.பி. இருக்க வேண்டும். 4 என்றால் பிரௌசரில் நாலு பக்கம் திறந்த உடனே பிள்ளை கைகட்டி இருக்கும். இன்னும் ஒன்று, கமராவும் மைக்கும் வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்லைன் வகுப்பில் பிள்ளை வாய் அசைக்கிறது, சத்தம் வராது. எந்த மென்பொருளும் இல்லாமல் பார்க்கலாம், குரலைப் பதிந்து திருப்பிக் கேட்டாலே போதும்.

ஆனால் டி470 இல் வின்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்று, அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் எனக்குச் சம்மதமில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வின்டோஸ், பரீட்சை வினாத்தாளில் திரையைக் காட்டினாலும் வின்டோஸ், டியூசன் சேர் அனுப்புகிறது வேர்ட் கோப்பு. வசதி இல்லாத பிள்ளைக்கு மட்டும் வேறு ஒன்றைக் கொடுத்து, அதைத் தனியாகப் படி என்று சொல்வது நியாயமா?

#11 திருத்துக்கடை

ரீச்சர், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அப்டேட் வராத வின்டோஸ் 10 இல் பிள்ளை யாருடையதோ பென்டிரைவைச் செருகுகிறது, களவு எடுத்த மென்பொருளை இறக்குகிறது. ஆறு மாதத்தில் அது என் கடைக்குத்தான் வரும். லினக்ஸ் மிண்டில் உங்கள் பாடத்துக்கான பைதனும் மைஎஸ்கியூஎல்லும் அப்படியே ஓடும். வேர்ட் கோப்பு லிப்ரே ஒஃபிஸில் திறக்கும், அட்டவணை சிலது கலையும்தான். கம்பஸ் பொறியியல் பிள்ளைக்கு நான் மிண்ட் சொல்லமாட்டேன், சொலிட்வேர்க்ஸ் அதில் ஓடாது. உயர்தரப் பிள்ளைக்குச் சொல்வேன்.

#12 ரீச்சர்_கொக்குவில்

உங்கள் கடைக்கு வராமல் இருப்பதற்காகப் பிள்ளை பழக்கம் மாற வேண்டுமா? ரூஃபஸ் முறையில் வின்டோஸ் 11 போட்டு, வருடத்துக்கு ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு ஏற்றிக் கொடுங்கள். பழைய மாணவர் சங்கத்துக்கு ஒருநாள் கஷ்டமா?

#13 வடமராட்சியான்

கொழும்பு போய் வந்தோம். இரண்டு பேர் போனோம், திருத்துக்கடை அண்ணை சொன்ன ஒழுங்கில் பார்த்தோம். விபரம்:

18 இல் 11 டி480, 7 டி470. டி480 இல் ஒன்றுக்குள் ஏழாம் தலைமுறைதான் இருந்தது. அண்ணை சொல்லாவிட்டால் கவனித்திருக்கமாட்டோம். இரண்டில் `F1` அடித்தபோது பாஸ்வேர்ட் கேட்டது. ஐ.டி. ஆள் ஒன்றை எடுத்துவிட்டார், மற்றது அவருக்கு முன்னம் இருந்தவர் போட்டதாம், தெரியாது. அதை விட்டுவிட்டோம். இன்னொரு டி480 இல் சார்ஜர் போட்டால் இரண்டு யூ.எஸ்.பி. சி துளைகளிலும் சார்ஜ் ஏறவில்லை, அதையும் விட்டோம். “எல்லாம் எடுக்க வேண்டும்” என்றவர்கள் கடைசியில் 16 க்கு ஒத்துக்கொண்டார்கள். 6,72,000 ரூபா.

ஓட்டோபைலட் சோதனை மூன்றில் செய்தோம், இரண்டில் நிறுவனத்தின் பெயர் வந்தது. சீரியல் பட்டியல் கொடுத்தோம். நீக்கிவிட்டதாக மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது, அதன் பிறகே காசு அனுப்பினோம்.

எதிர்பாராதது ஒன்று. டிஸ்க்கைக் கழற்றியவர்கள் அதைப் பொருத்துகிற சட்டத்தையும் மதர்போர்டுக்குப் போகிற சின்னக் கேபிளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். 16 இல் ஐந்தில்தான் இருக்கிறது. மற்ற 11 க்கும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

#14 திருத்துக்கடை

அது வழமை. விற்கிற ஆளிடம் டிஸ்க் சட்டமும் கேபிளும் வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் குப்பைப் பெட்டியில் இருந்து தேடித் தருவார்கள். இப்போதும் கேட்டுப் பாருங்கள், எறிந்திருக்கமாட்டார்கள்.

யூ.எஸ்.பி. சி பற்றி. நீங்கள் விட்டு வந்தது சரி, ஆனால் கொண்டு வந்த 16 க்கும் அதே ஆபத்து இருக்கிறது. இந்த மொடல்களில் யூ.எஸ்.பி. சி துளையோடு சேர்ந்த தண்டர்போல்ட் சிப்பின் உள்மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. நாள்பட அந்தத் துளை வேலை செய்யாமல் போகும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் எத்தனை அலுவலகம் அதை ஏற்றியிருக்கும்? துளை உயிரோடு இருக்கும்போதே வின்டோஸில் வைத்து ஏற்றிவிடுங்கள், மிண்ட் போடப் போகிறவற்றுக்கும் முதலில் வின்டோஸில் வைத்து ஏற்றிவிட்டு மாற்றுங்கள். செத்த பிறகு என்றால் சிப்பை வெளியில் இருந்து எழுத வேண்டும், அது பெரிய வேலை. டி470 இல் பழைய சதுர முனைச் சார்ஜரும் ஏறும், அதனால் தப்பலாம். டி480 இல் யூ.எஸ்.பி. சி மட்டும்தான். அது போனால் லாப்டொப்பே போன மாதிரி.

பற்றரியில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. டி470 உம் டி480 உம் வெளிப் பற்றரி ஒரே வகை. எல்லாவற்றையும் ஓட விட்டு அளந்துவிட்டு, நல்லதைத் தேவையான லாப்டொப்புக்கு மாற்றுங்கள். இந்த லாப்டொப் முதலில் வெளிப் பற்றரியைத்தான் தின்னும், பிறகே உள்ளே இருப்பதைத் தொடும். ஆகவே உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்லாக இருக்கும், வெளியே இருப்பதுதான் களைத்திருக்கும்.

#15 வடமராட்சியான்

அளந்தோம் அண்ணை. ஒன்றின் கணக்கைத் தருகிறேன், சரியா பாருங்கள். டி480. உள்ளே 24,000 அளவில் இருந்திருக்க வேண்டியது, ஓட விட்டு அளந்தால் 17,000 கிடைத்தது. வெளியேயும் 24,000 வகைதான், 9,000 தான் கிடைத்தது. இரண்டும் சேர்த்து 3 மணி 10 நிமிடம் ஓடியது. டி470 ஒன்றில் இருந்த 18,000 தருகிற வெளிப் பற்றரியை மாற்றிப் போட்டு ஓட்டினால் 4 மணி 15 நிமிடம்.

இப்போது வொறன்டித் தாள். வரைவு இப்படி எழுதியிருக்கிறேன்:

“மதர்போர்ட், திரை, கீபோர்ட் ஆகியவற்றுக்கு 6 மாதம். பழுதானால் திருத்துவதற்குக் காத்திருக்காமல் கையிருப்பில் உள்ள வேறொன்றை மாற்றித் தருவோம். பற்றரி கையளித்த நாளில் ஓடிய நேரம் இந்தத் தாளில் எழுதப்பட்டுள்ளது. 3 மாதத்துக்குள் அதே சோதனையில் அந்த நேரத்தில் பாதிக்குக் கீழே போனால் மாற்றித் தருவோம். விழுந்தது, தண்ணீர் பட்டது, இடி மின்னல் ஆகியவற்றுக்கு வொறன்டி இல்லை.”

16 இல் 14 கொடுக்கிறோம், இரண்டைக் கையிருப்பாக வைக்கிறோம். எந்த இரண்டு என்று முடிவாகவில்லை.

#16 ரொறன்ரோ_மச்சான்

நல்ல தாள். ஆனால் 6 மாதம் எதற்கு? பழைய சாமானுக்கு ஒரு மாதம் போதும். சும்மா கொடுக்கிறதுக்கு யார் வொறன்டி கேட்கிறான்?

#17 திருத்துக்கடை

சும்மா கொடுக்கிறதால்தான் மச்சான் பிள்ளை வந்து கேட்கக் கூச்சப்படும். தாளில் எழுதியிருந்தால் கேட்கும்.

6 மாதம் சரி, கையிருப்பு இரண்டு இருக்கும் வரை. மூன்றாவது பழுதான அன்று என்ன செய்வது என்றும் தாளில் இருக்க வேண்டும். “கையிருப்பு முடிந்தால் திருத்தித் தருவோம், அதற்குக் காலம் எடுக்கும்” என்று ஒரு வரி சேருங்கள். ஒரு டி480 உம் ஒரு டி470 உமாக வையுங்கள். இரண்டும் டி470 ஆக வைத்தால், வின்டோஸ் 11 இல் படித்துக்கொண்டிருந்த கம்பஸ் பிள்ளைக்கு மாற்றாக எதைக் கொடுப்பீர்கள்?

பற்றரி பாதி நேரம் என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அதே வீடியோ, அதே வெளிச்சம் என்று எழுதுங்கள், வீடியோவையும் லாப்டொப்பிலேயே போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் யூடியூபில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள், அது கூடத் தின்னும்.

ஒன்று விடுபட்டிருக்கிறது. பற்றரி வீங்கினால் மாதக் கணக்கே பார்க்கக்கூடாது. டச்பேட் அழுத்த இறுக்கமாகினால், அல்லது மேசையில் வைக்கும்போது அடிப்பக்கம் ஆடினால், உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வொறன்டி என்று எண்ணாதீர்கள்.

#18 ரீச்சர்_கொக்குவில்

இடி மின்னலுக்கு இல்லை என்றதுதான் எனக்கு உறுத்துகிறது. ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் இடிக்காத பின்னேரம் எது? லாப்டொப் செத்துப் போய் வந்தால் அது மின்னலா, தானாகப் போனதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? தெரியாவிட்டால் சந்தேகம் பிள்ளை மேல்தான் விழும்.

#19 திருத்துக்கடை

சரியான கேள்வி. சார்ஜரும் லாப்டொப்பும் ஒரே நேரத்தில் செத்திருந்தால், சார்ஜ் வருகிற இடத்தில் உள்ள சின்ன உறுப்பு வெடித்துக் கருகியிருந்தால், மின்னல் என்று நினைப்பேன். வைஃபை ரூட்டரும் அன்றைக்கே போயிருந்தால் அனேகமாக அதுதான். ஆனால் அதே உறுப்பு வயதாலும் போகும். கருகலைப் பார்த்து நூறு வீதம் சொல்கிற ஆளை நான் நம்பமாட்டேன்.

தண்ணீரும் அப்படித்தான். தேத்தண்ணி கொட்டினால் கீபோர்டுக்குக் கீழே பிசுபிசுப்பாகக் காயும், சந்தேகமே இல்லை. ஆனால் யூ.எஸ்.பி. துளையின் விளிம்பில் பச்சையாகப் பூத்திருந்தால் அதை வைத்துத் தண்ணீர் பட்டது என்று சொல்லக்கூடாது. நெடுந்தீவுக் காற்றில் உப்பு இருக்கிறது, சும்மா வைத்தாலே பூக்கும். உள்ளே மதர்போர்டில், கீபோர்ட் கேபிள் செருகுகிற இடத்தில் பச்சை இருந்தால்தான் யோசிக்க வேண்டும். கையளிக்க முன் ஒவ்வொன்றையும் திறந்து, அந்த இடத்தைப் போனில் படம் எடுத்துச் சீரியல் எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இருந்த பச்சையா, புதிதா என்று பிறகு சண்டை வராது.

#20 ரொறன்ரோ_மச்சான்

மின்னலுக்கும் கொடுத்தால் ஒரே மழையில் கையிருப்பு முடிந்துவிடும். எங்கள் பக்கத்து ஆட்களிடம் காசு சேர்க்கிறவன் நான், எனக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். விலக்கு இருக்கட்டும்.

#21 வடமராட்சியான்

இது பற்றிக் குழுவிலும் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். இப்போதைக்கு மின்னல் என்ற சொல்லைத் தாளில் இருந்து எடுத்துவிட்டு, “சந்தேகமான பழுது என்றால் முதல் தடவை மாற்றித் தருவோம், அதே பிள்ளைக்கு இரண்டாம் தடவை குழு பார்த்து முடிவெடுக்கும்” என்று போட்டிருக்கிறேன். மச்சானுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

நெடுந்தீவுப் பிள்ளைக்கு ஒரு தனி ஏற்பாடு செய்திருக்கிறோம். பழுது என்றால் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ், முழுநாள் வேலை. அந்தப் பிள்ளைக்கு அளந்ததில் கூட ஓடின டி480 உம் இரண்டு சார்ஜரும் கொடுக்கிறோம். சார்ஜர்தான் முதலில் போகிற சாமான் என்று அண்ணை தனிமடலில் சொன்னார்.

மிண்ட் விசயம் முடியவில்லை. வின்டோஸ் 11 முறைப்படி ஏறுகிறவை எட்டு. ஒன்று கையிருப்புக்குப் போக ஏழு கம்பஸ் பிள்ளைகளுக்கும் சரியாக இருக்கும் என்று பார்த்தால், நெடுந்தீவுப் பிள்ளை உயர்தரம். அதனால் கம்பஸில் கலைப்பீடத்துக்குப் போகிற ஒருவருக்கு டி470 போகும், அவர் மிண்ட் என்றாலும் சரி என்றார். மற்ற உயர்தரப் பிள்ளைகள் ஆறு பேரையும் ரீச்சரின் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டு இரண்டையும் போட்டுக் காட்டுவோம், எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

#22 ரீச்சர்_கொக்குவில்

கூட்டி வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஆய்வுகூடம் சும்மாதான் இருக்கும்.

#23 அறிவியல்நகர்_பிள்ளை

இடையில் ஒரு செய்தி. அறிக்கையைக் கொண்டு போனேன். பற்றரியை மாற்றித் தரமாட்டார்களாம், ஆனால் புதியதைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? அதுவும் “சுற்று 0” என்று காட்டுகிற மாற்றுப் பற்றரிதான்.

#24 திருத்துக்கடை

புதுப் பற்றரி என்றால் சுற்று பூச்சியம் இருப்பது சரிதான் தங்கச்சி. கடையிலேயே போட்டு, முழுச் சார்ஜ் ஏற்றி, அணையும் வரை ஓட விட்டு, நேரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் வாங்குங்கள். தயங்கினால் காசை வைத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உள்ளே இருக்கிற பழையதைத் திறந்து பார்க்க எனக்கும் ஆசை.